கோரிலேஷன் டேபிளில் ஸ்டார் எங்கே போச்சு? ஜோடிவாரி n, பலமுறைச் சோதனை: கோளாறு பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிமுறை

கோரிலேஷன் டேபிள் போடுவது ஐந்து நிமிட வேலை. அதை வைவா அறையில் காப்பாற்றுவதுதான் கஷ்டம். கைடு கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இதுல n எவ்வளவுப்பா?" என்பதாக இருக்கும். இரண்டாவது, "இத்தனை ஜோடி பார்த்திருக்கியே, கரெக்‌ஷன் போட்டியா?" இந்த இரண்டுக்கும் டேபிளே பதில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

எல்லாக் கோளாறுகளையும் ஒரே தரவை வைத்துப் பார்ப்போம். திருவான்மியூரிலிருந்து தரமணி, வேளச்சேரி, மடிப்பாக்கம் வரை 64 வீடுகளின் போர் தண்ணீர். ஐந்து அளவுகள்: கடலிலிருந்து தூரம், டிடிஎஸ், கடினத்தன்மை, போரின் ஆழம், நைட்ரேட். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. இதை வைத்து யாரும் வேளச்சேரி தண்ணீரை எடைபோட வேண்டாம். ஓட்டைகள் மட்டும் நிஜத்தில் விழுகிற மாதிரியே விழுந்திருக்கின்றன. தூரமும் டிடிஎஸ்ஸும் 64 வீட்டுக்கும் உண்டு. கடினத்தன்மை 60-க்கு. போர் எத்தனை அடி என்று கேட்டால் "அது அப்பா காலத்துல போட்டது" என்கிறவர்கள் நிறைய, அதனால் ஆழம் 41 வீட்டுக்குத்தான் தெரியும். நைட்ரேட்டுக்கு லேபில் தனிக்காசு, ஆகவே 28.

அறிகுறி: கட்டங்களில் NA, அல்லது சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தமான டேபிள்

R-இல் `cor(d)` என்று மட்டும் அடித்தால் ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் அந்த அளவு சம்பந்தப்பட்ட கட்டங்கள் எல்லாம் NA ஆகிவிடும். நம் தரவில் தூரமும் டிடிஎஸ்ஸும் சேரும் கட்டம் தவிர மற்ற ஒன்பது ஜோடியும் காலி. இது நல்ல கோளாறு, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது.

பைத்தானில் நடப்பது அதைவிட மோசம். `pandas`-இன் `d.corr()` விடுபட்டதைப் பற்றி வாயே திறக்காது. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு மதிப்பும் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டு, பத்துக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடும். ஒரு கட்டம் 64 வீட்டில் வந்தது, இன்னொன்று 17 வீட்டில் வந்தது என்பதற்கு அந்த வெளியீட்டில் ஒரு தடயமும் இருக்காது. எஸ்பிஎஸ்எஸ் கொஞ்சம் நேர்மையானது, ஒவ்வொரு கட்டத்திலும் N-ஐயும் அச்சடிக்கும். ஆனால் வேர்டுக்கு மாற்றும்போது "இடம் பத்தல" என்று முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான்.

ஆகவே r அணியைக் கணக்கிடும்போதே n அணியையும் கையோடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

```r
M <- cor(d, use = "pairwise.complete.obs")
N <- crossprod(!is.na(as.matrix(d)))
```

```python
M = d.corr(min_periods=10)
ok = d.notna().astype(int)
N = ok.T @ ok
```

`N`-இன் மூலைவிட்டத்தில் ஒவ்வொரு அளவுக்கும் சொந்தமான எண்ணிக்கை வரும், மற்ற கட்டங்களில் ஜோடிக்கு உரியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆழம் 41, நைட்ரேட் 28. அப்படியென்றால் ஆழம்–நைட்ரேட் ஜோடிக்கு 28 இருக்கும் என்று மனசு தானாக நினைத்துக்கொள்ளும். வருவது 17. ஒரு வீட்டில் ஆழம் தெரியவில்லை, இன்னொரு வீட்டில் நைட்ரேட் பார்க்கவில்லை. இரண்டு ஓட்டையும் வேறு வேறு வீட்டில் விழுந்தால் ஜோடியின் n இரண்டையும்விடச் சின்னதாகிவிடும். தனித்தனி n-ஐ வைத்து ஜோடி n-ஐ ஊகிக்கவே முடியாது, எண்ணித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: அடிக்குறிப்பில் N = 64, ஆனால் p இடிக்கிறது

டிடிஎஸ்ஸுக்கும் ஆழத்துக்கும் r = 0.31 என்று டேபிளில் இருக்கிறது. அடிக்குறிப்பு N = 64 என்கிறது. படிக்கிறவர் கையில் கால்குலேட்டர் இருந்தால் இதை அங்கேயே சரிபார்த்துவிடலாம்:

```
t = r × √( (n − 2) / (1 − r²) )
```

n = 64 போட்டால் t சுமார் 2.57, p சுமார் 0.013. ஆனால் டேபிளில் உள்ள p 0.049. எங்கேயோ உதைக்கிறது. n = 41 போட்டுப் பாருங்கள்: t = 2.04, p = 0.049. பொருந்திவிட்டது. டேபிள் போட்டவர் கணக்கில் தப்பு செய்யவில்லை, மென்பொருள் சரியான n-ஐத்தான் பயன்படுத்தியிருக்கிறது. அடிக்குறிப்புதான் பொய் சொல்கிறது.

மனக்கணக்காகவே பிடிக்க ஒரு வழி உண்டு. 5% அளவில் ஸ்டார் வாங்க r தாண்ட வேண்டிய எல்லை ஏறக்குறைய 2/√n. 64-க்கு அது 0.25, 17-க்கு 0.49. ஒரே டேபிளில் 0.30-க்கு ஸ்டார் இல்லாமலும் 0.31-க்கு ஸ்டாருடனும் இருந்தால், n வேறு என்பதை இதை வைத்தே மோப்பம் பிடிக்கலாம். நம் தரவில் கடினத்தன்மை–நைட்ரேட் 0.30 தான், ஆனால் n = 27, எல்லை 0.38.

"N = 17 முதல் 64 வரை" என்று வீச்சாக எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஒன்றிரண்டு மதிப்பு மட்டும் விடுபட்ட தரவுக்கு, அதாவது 60 முதல் 64 என்றால், அதுவே போதும். 17 முதல் 64 என்றால் போதாது, எந்தக் கட்டம் 17 என்பதுதான் கேள்வியே.

அறிகுறி: n-ஐச் சேர்த்தேன், டேபிள் நெரிசலாகிவிட்டது

ஒரே கட்டத்துக்குள் r, p, n, நம்பக இடைவெளி என்று நான்கு வரி அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். கோரிலேஷன் அணி சமச்சீரானது, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றேதான். ஒரு பாதி சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். கீழே r, மேலே n, மூலைவிட்டத்தில் அந்தந்த அளவின் சொந்த n. வழக்கமாக மூலைவிட்டத்தில் போடும் 1.00 யாருக்கும் எதையும் சொல்வதில்லை, அதைத் தூக்கிவிடலாம்.

| | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|
| 1. கடலிலிருந்து தூரம் | [64] | 64 | 60 | 41 | 28 |
| 2. டிடிஎஸ் | −0.58* | [64] | 60 | 41 | 28 |
| 3. கடினத்தன்மை | −0.34 | 0.71* | [60] | 38 | 27 |
| 4. போரின் ஆழம் | 0.12 | 0.31 | 0.16 | [41] | 17 |
| 5. நைட்ரேட் | 0.21 | 0.25 | 0.30 | −0.52 | [28] |

இரண்டு தசம இடம் போதும். n = 17-இல் வந்த எண்ணை −0.5187 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். எஸ்பிஎஸ்எஸ் .000 என்று காட்டும் p-ஐ அப்படியே ஒட்டாமல் "< 0.001" என்று எழுதுங்கள்.

ஆறாவதாக மின்கடத்துதிறனையும் சேர்க்கலாமே என்று தோன்றும். கையடக்க டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனைத்தான். அதை ஒரு மாறிலியால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. இரண்டையும் போட்டால் 0.99 வரும், அது மீட்டரின் கோரிலேஷன், தண்ணீருடையது இல்லை. அதோடு ஜோடிகளின் எண்ணிக்கை 10-லிருந்து 15 ஆகும். அந்தக் கூடுதல் ஐந்துக்கு என்ன விலை என்பது கீழே வருகிறது.

அறிகுறி: இரண்டு r-உம் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஸ்டார்

தூரம்–டிடிஎஸ் −0.58. ஆழம்–நைட்ரேட் −0.52. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. மேல் பாதிக்குக் கண்ணை ஓட்டினால் ஒன்று 64, மற்றது 17. 95% நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால் முதலாவது −0.72 முதல் −0.39 வரை. இரண்டாவது −0.80 முதல் −0.05 வரை. பலமான உறவு என்றும் சொல்லலாம், கிட்டத்தட்ட உறவே இல்லை என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் இரண்டாவதில் இடம் இருக்கிறது. டேபிளில் எல்லா ஜோடிக்கும் இடைவெளி போட இடம் இல்லாவிட்டால், உரையில் நீங்கள் பேசப்போகும் இரண்டு மூன்று ஜோடிக்காவது கொடுத்துவிடுங்கள்.

n எண்ணிக்கையைச் சொல்கிறது, ஆட்களைச் சொல்வதில்லை. அந்தப் 17 வீடு யார்? நைட்ரேட்டுக்குக் காசு கட்டியது "தண்ணில நாத்தம் வருது" என்று புகார் சொன்ன வீடுகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆழம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சமீபத்தில் போர் போட்டவர்கள், பில் இன்னும் கையில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால், சமீபத்தில் போர் போட்டும் நாற்றம் போகாத வீடுகள். அந்தக் கூட்டத்தில் ஆழம் குறைந்த போரில் நைட்ரேட் கூடுதலாக இருப்பது நம்பக்கூடியதுதான், மேலே கசியும் கழிவுநீர் முதலில் எட்டுவது அங்கேதான். ஆனால் அதை 64 வீட்டுக்கும் பொதுவாகச் சொல்ல இந்தத் தரவு இடம் கொடுக்காது. டேபிளுக்குக் கீழே ஒரு வரி போதும்: எந்த அளவு எதனால் விடுபட்டது.

"எல்லாக் கட்டத்துக்கும் ஒரே n இருக்கட்டும், முழுமையான வரிகளை மட்டும் எடு" என்று சிலர் சொல்வார்கள். நம் தரவில் ஐந்தும் உள்ள வீடு 16 தான். 64 வீட்டுத் தரவை 16-ஆகச் சுருக்கிவிட்டு, அதுவும் மேலே சொன்ன புகார்க் கூட்டத்தையே பிரதிநிதியாக உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சோதனையாக ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஜோடிவாரியாக −0.58 வந்தது அந்த 16-இல் +0.2 என்று வந்தால், விடுபட்டவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரி இல்லை என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. 16 என்பதால் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், குறி மாறுகிற அளவு ஆட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: "சார், கரெக்‌ஷன் போட்டதும் ஸ்டார் எல்லாம் போயிடுச்சு"

அதிகம் வரும் புலம்பல் இதுதான். முதலில் நடந்ததைப் பார்ப்போம். ஐந்து அளவு என்றால் ஜோடிகள் 5 × 4 / 2 = 10. கரெக்‌ஷன் இல்லாமல் 0.05-க்குக் கீழே வந்தவை ஐந்து:

| ஜோடி | n | p | ஹோல்ம் p | பிஹெச் p |
|---|---|---|---|---|
| டிடிஎஸ்–கடினத்தன்மை | 60 | < 0.001 | < 0.001 | < 0.001 |
| தூரம்–டிடிஎஸ் | 64 | < 0.001 | < 0.001 | < 0.001 |
| தூரம்–கடினத்தன்மை | 60 | 0.008 | 0.063 | 0.026 |
| ஆழம்–நைட்ரேட் | 17 | 0.032 | 0.23 | 0.08 |
| டிடிஎஸ்–ஆழம் | 41 | 0.049 | 0.29 | 0.10 |

உறவே இல்லாத பத்து ஜோடியை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டு, 5% அளவில் சோதித்தால் ஒன்றாவது தற்செயலாக ஸ்டார் வாங்கும் வாய்ப்பு 40%. மின்கடத்துதிறனைச் சேர்த்துப் பதினைந்தாக்கினால் 54%. பிடிக்காத எண்தான், ஆனால் அதை மறைக்க முடியாது.

பான்ஃபெரோனி முறை 0.05-ஐப் பத்தால் வகுத்து 0.005 என்ற ஒரே எல்லையை வைக்கும். ஹோல்ம் 1979-இல் கொடுத்த முறை படிப்படியாகப் போகும்: மிகச் சின்ன p-ஐப் பத்தால் பெருக்கு, அடுத்ததை ஒன்பதால், அதற்கடுத்ததை எட்டால், இப்படியே, ஒரு மதிப்பு முந்தையதைவிடக் குறைந்தால் முந்தையதையே வைத்துக்கொள். தூரம்–கடினத்தன்மைக்கு 0.0079 × 8 = 0.063 வந்தது அப்படித்தான். பான்ஃபெரோனி கொடுக்கும் அதே காப்பை ஹோல்மும் கொடுக்கிறது, எந்த இடத்திலும் அதைவிடக் கடுமையாக இருப்பதில்லை. அதனால் பான்ஃபெரோனியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்து பழக்கம் தவிர வேறு காரணம் இல்லை.

பெஞ்சமினி–ஹாக்பெர்க், சுருக்கமாக பிஹெச், 1995, கேட்கும் கேள்வியே வேறு. ஹோல்ம் ஒரு தப்பு ஸ்டார்கூட விழாமல் பார்க்கிறது. இது, ஸ்டார் வாங்கியவற்றில் சராசரியாக 5%-க்கு மேல் தப்பு இருக்கக் கூடாது என்று பார்க்கிறது. அதனால்தான் இங்கே மூன்றாவது ஜோடியும் தேறுகிறது. அடுத்து எந்த உறவை விரிவாக ஆராயலாம் என்று தேடும் கட்டத்தில் பிஹெச் போதும். "தூரத்தோடு கடினத்தன்மை குறைகிறது" என்று முடிவாக அறிவிக்கப் போகிறீர்கள் என்றால் ஹோல்ம். எதுவானாலும் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அதிக ஸ்டார் கொடுத்ததை எடுப்பதும் ஒரு பலமுறைச் சோதனைதான்.

இன்னொரு வழியும் உண்டு, நேர்மையாகச் செய்தால். கடல்நீர் உள்ளே வருகிறதா என்பதுதான் ஆய்வின் கேள்வி, தூரம்–டிடிஎஸ் ஜோடியைச் சோதிப்பேன் என்று சினாப்சிஸிலேயே எழுதியிருந்தால், அந்த ஒன்றைத் தனியே வைத்துக் கரெக்‌ஷன் இல்லாமல் சோதித்து, மீதி ஒன்பதை ஒரு குடும்பமாகக் கொள்ளலாம். டேபிள் வந்தபிறகு "இதைத்தான் நான் முதலிலிருந்தே நினைச்சேன்" என்பது செல்லாது.

ஸ்டார் போனதால் அந்த மூன்று ஜோடியிலும் உறவு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். −0.34 அதே −0.34 தான், r மாறவில்லை. இந்த n-ஐ வைத்து இத்தனை கேள்வி கேட்டபோது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அதை உரையிலும் அப்படியே எழுதலாம்.

டேபிளின் அடியில் வர வேண்டிய குறிப்பு ஏறக்குறைய இப்படி:

> குறிப்பு: கீழ் முக்கோணத்தில் பியர்சன் r, மேல் முக்கோணத்தில் அந்த ஜோடியில் இரு மதிப்பும் உள்ள வீடுகளின் எண்ணிக்கை, மூலைவிட்டத்தில் தனி அளவின் எண்ணிக்கை. விடுபட்டவை ஜோடிவாரியாக நீக்கப்பட்டன. நைட்ரேட் புகார் வந்த வீடுகளில் மட்டும் அளக்கப்பட்டது. 10 ஜோடிகளுக்கும் இருபக்கச் சோதனை. P மதிப்புகள் ஹோல்ம் முறையில் திருத்தப்பட்டவை. * திருத்திய p < 0.05. திருத்தாத p இணைப்பில்.

டிடிஎஸ் மாதிரி ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள அளவுக்கு ஸ்பியர்மன் பயன்படுத்தினால், "பியர்சன்" என்ற சொல்லை மாற்ற மறக்காதீர்கள்.

அறிகுறி: மேலே உள்ள p ஒன்று, கீழே உள்ள p வேறு

R-இல் `psych` தொகுப்பின் `corr.test()` பயன்படுத்துகிறவர்களுக்கு வரும் குழப்பம். சமச்சீர் அணியாயிற்றே, p ஏன் இரண்டு பக்கமும் வேறாக இருக்கிறது? அது பிழை இல்லை. மூலைவிட்டத்துக்கு மேலே திருத்திய p, கீழே திருத்தாத p. வேறு முறை கேட்காவிட்டால் ஹோல்ம்தான். ஆபத்து என்னவென்றால், கீழ் முக்கோணத்தை மட்டும் வெட்டி வேர்டில் ஒட்டிவிட்டு "ஹோல்ம் திருத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிவிடுவது. எந்தப் பாதி உங்கள் கையில் இருக்கிறது என்று சோதிக்க, 0.05-ஐ ஒட்டிய ஒரு ஜோடியைப் பாருங்கள். டிடிஎஸ்–ஆழம் 0.049 என்று இருந்தால் அது திருத்தாத பாதி.

இதன் தம்பி: திருத்திய p எல்லாம் எதிர்பார்த்ததைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. தூரம்–கடினத்தன்மைக்கு 0.063-க்குப் பதில் 0.126. முழு p அணியையும் அப்படியே `p.adjust`-க்குக் கொடுத்ததன் விளைவு. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது, மூலைவிட்டத்தின் பூஜ்ஜியங்களும் உள்ளே போய்விட்டன. பாதியை மட்டும் கொடுக்க வேண்டும்:

```r
i <- lower.tri(M)
r <- M[i]; n <- N[i]
p <- 2 * pt(-abs(r) * sqrt((n - 2) / (1 - r^2)), n - 2)
p.adjust(p, "holm")
```

`length(p)` 10 என்று வந்தால் சரி. 20 அல்லது 25 வந்தால் அணி முழுசாகப் போயிருக்கிறது.

அறிகுறி: n வீடுகளின் எண்ணிக்கையைவிட அதிகம்

64 வீடு, n = 128. மழைக்கு முன் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒன்று என இரண்டு தரம் தண்ணீர் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கியிருக்கிறார்கள். ஒரே போரின் இரண்டு மாதிரிகள் தனித்தனி ஆட்கள் இல்லை, ஆனால் p கணக்குக்கு அது தெரியாது. எல்லா p-உம் சகட்டுமேனிக்குச் சின்னதாகிவிடும், எந்தத் திருத்தமும் இதைக் காப்பாற்றாது. பருவத்துக்கு ஒரு டேபிள் போடுங்கள். அப்போது ஜோடிகள் 20, குடும்பத்தின் அளவும் 20 என்று குறிப்பில் மாற வேண்டும்.

அறிகுறி: டேபிள் நன்றாக இருக்கிறது, காரணி ஆய்வு ஓட மறுக்கிறது

அணி நேர்மறை வரையறுக்கப்பட்டதாக இல்லை என்று மென்பொருள் அடம்பிடிக்கும். ஒவ்வொரு கட்டமும் வேறு கூட்டத்திலிருந்து வந்ததன் பலன் இது. ஒரே ஆட்களிடம் A–B 0.8, A–C 0.8 என்றால், B–C 0.28-க்குக் கீழே போக கணிதமே விடாது. ஆனால் B–C வேறு 17 வீட்டில் கணக்கிடப்பட்டிருந்தால் −0.2 என்றுகூட வந்து உட்காரும். `eigen(M)$values` பாருங்கள், ஏதாவது ஒன்று எதிர்ம எண்ணாக இருந்தால் இதுதான் சங்கதி.

அருகில் உள்ள ஒழுங்கான அணிக்கு மாற்றித்தரும் `nearPD` போன்ற கருவிகள் பிழைச்செய்தியை நிறுத்திவிடும், கூடவே நீங்கள் டேபிளில் அச்சிட்ட r-களையும் மாற்றிவிடும். ஜோடிவாரி டேபிளை விவரிக்க மட்டும் வைத்துக்கொண்டு, காரணி ஆய்வுக்கு விடுபட்டவற்றைப் பன்முறை நிரப்பிய தரவிலிருந்து தனியாக அணி எடுப்பதே என் பழக்கம். நைட்ரேட்டில் 64-க்கு 36 காலி என்கிறபோது அதுவும் சந்தேகம்தான். அந்த அளவை விட்டுவிட்டு நான்கை வைத்து ஓட்டுவேன்.